ஸ்க்ரூ தெரியாத மர டெக்: மொட்டை மாடியில் சட்டம் போட்டுப் பலகை பதிக்கும் முழு வழிகாட்டி

மழை நின்று அரை மணி நேரம் கழித்து ஒரு மர டெக்கைக் குனிந்து பாருங்கள். பலகைகளுக்கு நடுவே தண்ணீர் இன்னும் கோடாகத் தொங்கிக்கொண்டிருந்தால், இடைவெளி போதவில்லை என்று அர்த்தம். மேலே இருக்கும் மரம் எவ்வளவு நல்ல தேக்காக இருந்தாலும், அடியில் இருக்கும் சட்டம் அந்த ஈரத்திலேயே ஊறி உளுத்துப் போகும்.

இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் ‘5 மி.மீ.’ என்று ஒரே பதில்தான் வரும். எந்த மாதம் பதிக்கிறீர்கள், மரத்தில் அன்றைக்கு ஈரம் எவ்வளவு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நானும் கேட்காமல் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். மருந்தேற்றிய பைன் பலகை, 140 மி.மீ. அகலம். ஐப்பசி மழையில் வந்து இறங்கியதை அப்படியே 5 மி.மீ. இடைவெளி விட்டுப் பதித்தேன். மே மாதம் போய்ப் பார்த்தால் இடைவெளி கிட்டத்தட்ட 9 மி.மீ. நாற்காலிக் கால் உள்ளே இறங்குகிறது, பலகையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்து, நடக்கும்போது பலகை கடகடவென்கிறது. மரத்தின் மேல் பழி போட முடியாது. அளந்து பார்க்காதது நான்.

அதற்கு அப்புறம் திருவான்மியூரில் என் தங்கை வீட்டு மொட்டை மாடியில் போட்ட தேக்கு டெக்கை வைத்தே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். அளவு 12 அடிக்கு 10 அடி. மாடித் தளம் அந்த 10 அடிப் பக்கமாக, நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டத்தில், மழைநீர்க் குழாயை நோக்கி இறங்குகிறது.

முதலில் தளத்தைப் பாருங்கள்

டெக் போட்ட பிறகு தளத்தில் கசிவு கண்டால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். மறைவாகப் பதித்த பலகையைப் பிரிப்பது லேசான வேலை இல்லை. அதனால் குழாய் வாயை அடைத்து, தளத்தில் ஓரிரு அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டு, கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் படிகிறதா என்று பார்த்துவிடுங்கள். அடைப்பை எடுத்துத் தண்ணீர் வடிந்ததும் எங்கெங்கே குட்டை நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அந்த இடங்களைக் கலவை வைத்துச் சரிசெய்த பிறகுதான் மர வேலை.

சட்டம் எந்தத் திசையில்?

வாட்டம் போகும் திசையில். அதாவது தண்ணீர் ஓடும் வழிக்கு இணையாக. குறுக்கே போட்டால் ஒவ்வொரு சட்டமும் ஒரு சின்ன வரப்பு மாதிரி தண்ணீரையும் தூசியையும் தடுத்து நிறுத்திவிடும். பலகை சட்டத்துக்குக் குறுக்காக வரும். எனவே இடைவெளிகள் வாட்டத்துக்குக் குறுக்கே அமையும், மேலே விழும் நீர் ஓடுவதற்கு முன்பே கீழே இறங்கிவிடும்.

எங்கள் கணக்கில் 10 அடிச் சட்டம் 10. ஒவ்வொன்றும் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம். நடுவிலிருந்து நடுவுக்கு 395 மி.மீ. வரும். பலகை இழைத்த பிறகு 21 மி.மீ. கனம் இருந்தால் 400 வரை போகலாம், அதற்கு மேல் போனால் காலடியில் பலகை தொய்வது தெரியும். சட்டத்துக்கு விலை குறைந்த தேக்கு வாங்கலாம், ஆனால் வைரம் பாய்ந்த கட்டையாக இருக்கட்டும். வெள்ளைப் பகுதி இருந்தால் பூஞ்சையும் கரையானும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். மாடி என்பதால் கரையான் வராது என்று இருந்துவிடாதீர்கள், சுவர் வழியாக அது மாடி வரை ஏறி வரும்.

சட்டத்தை நேராகத் தளத்தின் மேல் வைக்கக்கூடாது. ஸ்க்ரூ அடித்துத் தளத்தோடு இறுக்கவும் கூடாது. நீர்க்காப்புப் பூச்சில் போடும் ஒரு துளை போதும், கசிவு ஆரம்பிக்க. 10 மி.மீ. கனமுள்ள ரப்பர் துண்டுகளை அரை மீட்டருக்கு ஒன்றாக வைத்து அதன் மேல் சட்டத்தை உட்காரவைத்தோம். ஒரு சட்டத்துக்கு 7, மொத்தம் 70 துண்டு. தளம் மேடு பள்ளமாக இருக்கும் இடத்தில் மெல்லிய துண்டு ஒன்று கூடுதலாகச் சேரும். இப்படித் தூக்கி வைத்தால் தண்ணீர் சட்டத்துக்கு அடியிலும் குறுக்கே போகும், காற்றும் ஓடும்.

டெக்கின் மேல்பரப்பைச் சமமட்டமாகக் கொண்டுவர வேண்டுமா? எனக்கு அது வீண் வேலை. நூற்றுக்கு ஒன்று வாட்டம் காலுக்குத் தெரியாது. தளத்தின் வாட்டத்தையே டெக்கும் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் பத்துச் சட்டத்தின் மேல்முகமும் ஒன்றுக்கொன்று ஏறாமல் தாழாமல் இருப்பது முக்கியம். ஓரச் சட்டம் இரண்டுக்கும் நூல் கட்டி, நடுவில் இருப்பவை நூலைத் தொடுகிறதா, தாழ்கிறதா என்று பார்த்துத் துண்டு வையுங்கள். வளைந்த சட்டம் இருந்தால் முதுகு மேலே வரும்படி போடுங்கள். நடுவில் ஒரு வரிசை குறுக்குக் கட்டை கொடுத்துச் சட்டங்களை இணைத்துவிட்டால் புரளாது. அந்தக் குறுக்குக் கட்டையின் அடி, தளத்தைத் தொடாமல் மேலே இருக்கட்டும்.

கடைசியாக, சட்டத்தின் மேல்முகத்தில் பியூட்டைல் டேப் ஒட்டுங்கள். கூரை ஒழுக்குக்கு விற்கும் அதே டேப்தான், இரண்டு அங்குல அகலம். கிளிப் ஸ்க்ரூ இறங்கும் துளையைச் சுற்றி இது இறுகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் துளைக்குள் இறங்காது. சட்டம் உளுக்க ஆரம்பிப்பது அநேகமாக இந்தத் துளைகளில்தான்.

இடைவெளிக் கணக்கு

மரம் நீளவாக்கில் அநேகமாக நீள்வதே இல்லை. அகலவாக்கில்தான் ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தேக்கு மிகவும் அடங்கிய மரம். அதன் ஈரப்பதம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் சுமார் 0.19 சதவீதம் மாறும், அதுவும் தட்டையாக அறுத்த பலகையில். பைனுக்கு இது ஏறக்குறைய 0.26.

கடற்கரை ஓரச் சென்னையில் கோடையில் மரம் 12 சதவீதத்துக்கு வரும், மழைக்காலத்தில் 18 வரை ஏறும் என்று நான் வைத்துக்கொள்கிறேன். எங்கள் பலகை இழைத்த பின் 95 மி.மீ. அகலம். ஆறு சதவீத மாற்றத்துக்கு:

```
95 × 0.0019 × 6 = 1.08 மி.மீ.
```

ஒரு பலகைக்கு ஒரு மி.மீ. என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் முப்பது பலகையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பதிக்கப்பட்டிருந்தால் மழைக்காலத்தில் மொத்தம் 3 செ.மீ. வளர்ச்சி. அது கைப்பிடிச் சுவரைப் போய்த் தள்ளும், இல்லையென்றால் நடுவில் கூடாரம் மாதிரி எழும்பும்.

எனக்கு வேண்டியது, மழைக்காலத்தில் மரம் உப்பியிருக்கும்போதும் 4 மி.மீ. குறையாத இடைவெளி. 3 மி.மீ.க்குக் கீழே போனால் தண்ணீர் விழாமல் இரண்டு பலகையையும் பிடித்துக்கொண்டு தொங்கும், வேப்பங்காம்பும் தூசியும் சேர்ந்து அடைத்துவிடும். கோடையில் 7-ஐத் தாண்டக்கூடாது. ஆகவே 12 சதவீதத்தில் காய்ந்த பலகையை மே மாதம் பதித்தால் 5 விடுங்கள், மழையில் அது 4 ஆகும். 18 சதவீதத்தில் இருக்கும் பலகையைக் கார்த்திகையில் பதித்தால் 4 விடுங்கள், கோடையில் 5 ஆகும். அதே வேலை, அதே மரம், ஆனால் பதிக்கும் அன்று விடும் இடைவெளி வேறு.

ஈரம் பார்க்கக் கருவி வாங்கலாம். பலகை முனையிலிருந்து ஒரு அடி உள்ளே, இழைத்த முகத்தில் ஊசியைக் குத்திப் பாருங்கள். முனையில் குத்தினால் காய்ந்த கணக்குதான் காட்டும். கருவி இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. பலகையின் உட்பகுதியிலிருந்து சின்னத் துண்டு வெட்டி எடை போடுங்கள், அப்புறம் அடுப்பங்கரை ஓவனில் 105 டிகிரியில், எடை இனிக் குறையவில்லை என்ற நிலை வரை வையுங்கள். 100 கிராம் துண்டு 84 கிராமில் நின்றது என்றால், போன 16-ஐ 84-ஆல் வகுத்தால் 19 சதவீதம். 20-க்கு மேல் வந்தால் பதிக்காதீர்கள். நிழலில், குச்சி வைத்து அடுக்கி, காற்றோட விட்டு, மறுபடி பாருங்கள்.

பலகையும் பள்ளமும்

95 மி.மீ. பலகையும் 5 மி.மீ. இடைவெளியும் சேர்ந்து 100. முப்பது பலகைக்கு 2995 மி.மீ. வந்துவிட்டது, கடைசிப் பலகையைக் கிழிக்க வேண்டிய அவசியம் இல்லை. மரக்கடைக் கணக்கில் 12 அடி நீளம், 4 அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம், 30 எண்ணம் என்றால் சரியாக 10 கன அடி. சட்டத்துக்கு இன்னொரு 2.8. சேதாரம் சேர்த்து 14 கன அடி வாங்கினோம். பலகையை 12 அடி நீளத்துக்கே எடுத்ததால் நடுவில் ஒட்டு இல்லை. ஒட்டு வந்தால் அந்த இடத்தில் இரண்டு சட்டம் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும், இரண்டுக்கும் நடுவே தண்ணீர் இறங்க இடம் வேண்டும், பலகை முனைகளுக்கு நடுவே 3 மி.மீ. வேண்டும். முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

மறைவாகப் பிடிப்பதற்குப் பலகையின் இரு பக்கவாட்டிலும் நீளப் பள்ளம் எடுக்க வேண்டும். ரூட்டரில் 4 மி.மீ. பள்ளம் வெட்டும் பிளேடு போட்டு, 10 மி.மீ. ஆழம். 21 மி.மீ. கனத்தில் அடி உதடு 8, பள்ளம் 4, மேல் உதடு 9. மேல் உதடு மெலிந்தால் காலப்போக்கில் பிளக்கும். முதல் பலகையின் வெளிப்பக்கத்துக்கும் கடைசிப் பலகையின் வெளிப்பக்கத்துக்கும் பள்ளம் வேண்டாம், பார்க்க அசிங்கமாக இருக்கும். எல்லாப் பலகையையும் வெட்டும் முன் ஒரு துண்டில் வெட்டி, கிளிப்பை மாட்டி, சட்டத்தில் இறுக்கிப் பாருங்கள். கிளிப்பின் இறக்கை அடி உதட்டை அழுத்த வேண்டும், ஆனால் வளையக்கூடாது. உயரம் அரை மி.மீ. தவறினாலும் முந்நூறு இடத்தில் தவறும்.

பள்ளம் எடுத்த பிறகு ஆறு முகத்துக்கும் எண்ணெய் கொடுங்கள். முக்கியமாகப் பள்ளத்துக்குள்ளும் முனைகளுக்கும். பதித்த பிறகு அங்கே பிரஷ் போகாது.

கிளிப் தேர்வில் ஒரு நுணுக்கம்

கடைக்காரர் தடித்த கிளிப்பைக் காட்டி ‘இதுவே இடைவெளியையும் வைத்துக்கொடுக்கும்’ என்பார். உண்மைதான். ஆனால் 5 மி.மீ. தண்டுள்ள கிளிப் 5 மி.மீ. இடைவெளியை முழுக்க நிரப்பிவிடுகிறது. பார்ப்பதற்கு இடைவெளி இருக்கும், மரம் உப்புவதற்கு இடம் இருக்காது. ஒரு பலகை அடுத்த பலகையைக் கிளிப் வழியாகவே தள்ளும், கடைசியில் அதே 3 செ.மீ. கதைதான்.

அதனால் தண்டும் அதில் போகும் ஸ்க்ரூவும் 3.5 மி.மீ.க்கு மிகாத கிளிப்பை எடுத்து, இடைவெளியைத் தனி ஸ்பேசர் வைத்துக் கொண்டுவந்தோம். 5 மி.மீ. அக்ரிலிக் துண்டுகள் போதும். இப்போது ஒவ்வொரு இடைவெளியிலும் ஒன்றரை மி.மீ. அசைய இடம் இருக்கிறது, நமக்கு வேண்டியது ஒன்று.

29 இடைவெளி, 10 சட்டம். 290 கிளிப், வாங்கியது 300. கடல் அருகில் என்பதால் கிளிப்பும் ஸ்க்ரூவும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. உள்ளூரில் எளிதில் கிடைப்பது 304, கடலிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கு அது போதும். சாதாரண இரும்பு ஸ்க்ரூ மட்டும் வேண்டாம், ஈரத் தேக்கில் அதைச் சுற்றிக் கறுப்புக் கறை படரும்.

பதித்தல்

முதல் பலகைதான் மற்ற இருபத்தொன்பதுக்கும் தாய். சுவரைப் பார்த்து வைக்காதீர்கள், எந்தச் சுவரும் நேர் இல்லை. நூல் கட்டி, மூலை மட்டம் பார்த்து, அந்த நூலுக்கு வையுங்கள். சுவருக்கும் பலகைக்கும் குறைந்தது 10 மி.மீ. இருக்கட்டும். இதன் வெளி ஓரத்தை மட்டும் மேலிருந்து ஸ்க்ரூ போட்டு, தலையை உள்ளே இறக்கி, அதே தேக்கில் வெட்டிய அடைப்பு வைத்து ஒட்டி இழைத்துவிட்டோம்.

அப்புறம் உள் பக்கப் பள்ளத்தில் ஒவ்வொரு சட்டத்தின் மேலும் ஒரு கிளிப்பைச் செருகி, 3.5-க்கு 40 மி.மீ. ஸ்க்ரூவை இறக்குங்கள். தேக்குச் சட்டத்தில் முதலில் 2.5 மி.மீ. துளை போடாமல் இறக்கினால் எஸ்.எஸ். ஸ்க்ரூ கழுத்தில் முறியும். அதற்கு இம்பாக்ட் டிரைவரும் வேண்டாம், கிளட்ச் உள்ள டிரில் போதும். கிளிப்பை இறுக்கிய பின், அடுத்த பலகையை மறுபக்க இறக்கைக்குள் தட்டி நுழைத்து, ஸ்பேசர் தொடும் வரை தள்ளுங்கள். பன்னிரண்டு அடிப் பலகையில் கொஞ்சம் வளைவு இருக்கத்தான் செய்யும். உளியைச் சட்டத்தில் ஊன்றி நெம்பியோ, பட்டை போட்டு இழுத்தோ நேராக்கிய பிறகு கிளிப் போடுங்கள். வளைவை நிமிர்த்துவது கிளிப்பின் வேலை இல்லை.

கிளிப் பலகையைக் கீழே அழுத்துமே தவிர, நீளவாக்கில் நகராமல் பிடிக்காது. ஓரிரு வருடத்தில் பலகை முனைகள் பல்வரிசை மாதிரி முன்னும் பின்னும் போய்விடும். இதற்கு ஒவ்வொரு பலகைக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூ வேண்டும். ஐந்தாவது சட்டத்தில், கிளிப்புக்குப் பக்கத்தில், பள்ளத்தின் அடி உதடு வழியாகச் சாய்வாகத் துளையிட்டு இறக்குங்கள். தலை உதட்டுக்குள் அமுங்க வேண்டும். இது பலகை பக்கவாட்டில் மெல்ல மெல்ல ஒரே திசையில் நகர்வதையும் நிறுத்தும். இரண்டு ஸ்க்ரூ போட ஆசைப்படாதீர்கள், ஒன்று போதும்.

ஐந்து பலகைக்கு ஒரு முறை, முதல் நூலிலிருந்து இரு முனையிலும் அளந்து பாருங்கள். ஐந்து பலகையும் அவற்றை அடுத்த ஐந்து இடைவெளியும் சேர்ந்து 500 மி.மீ. வர வேண்டும். ஒரு முனையில் 502 இருந்தால், அடுத்த நாலைந்து இடைவெளியில் அரை அரை மி.மீ. குறைத்துச் சரிக்கட்டலாம். இருபத்தைந்தாவது பலகையில் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசிப் பலகையின் உள் ஓரம் கிளிப்பில் நுழையும். வெளி ஓரத்துக்கு மறுபடி மேலிருந்து ஸ்க்ரூ, மர அடைப்பு.

குழாய் வாய்க்கு மேலே

இந்த முறையின் குறை இங்கேதான். நடுவில் உள்ள ஒரு பலகையைத் தனியாக எடுக்க முடியாது. மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்தால் என்ன செய்வது? எங்கள் மாடியில் வாய் தாழ்ந்த பக்கம் ஓரத்தில், நான்காவது, ஆறாவது சட்டங்களுக்கு நடுவே வந்தது. அந்த இடத்தில் கடைசி மூன்று பலகையை நான்காம், ஆறாம் சட்டங்களின் நடுக்கோட்டில் வெட்டி, சட்டத்தின் பக்கத்தில் தாங்குகட்டை கொடுத்தோம். வெட்டிய துண்டுகளை அடியில் இரண்டு ரீப்பர் வைத்துக் கீழிருந்து ஸ்க்ரூ போட்டு, ஒரே மூடியாக்கி, வெறுமனே உட்காரவைத்தோம். அந்த இடத்தில் கிளிப் இல்லை. விரல் நுழையும் அளவு ஒரு துளை. புயல் அறிவிப்பு வந்தால் மட்டும் மூடியை இரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.

சோதனை

உயர்ந்த பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றினோம். மேலே ஊற்றியது உடனே கீழே இறங்கியது, குழாயில் சத்தம் கேட்டது. மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு சட்டத்தின் ஓரத்தில் மட்டும் நீர் தேங்கி நின்றது. ரப்பர் துண்டு ஒன்று நகர்ந்து, சட்டத்துக்குக் குறுக்கே அணை மாதிரி கிடந்தது. கம்பியால் தள்ளிவிட்டதும் போயிற்று. முதல் மழைகளில் தேக்கிலிருந்து காப்பிக் கலரில் சாயம் இறங்கும். வெள்ளைச் சுவருக்கு மேல் வடியும்படி ஓரம் வைத்திருந்தால் கறை படியும், அதை முன்பே யோசித்துவிடுங்கள்.

இப்போது தங்கையிடம் 4 மி.மீ. டிரில் பிட் ஒன்று கொடுத்திருக்கிறேன். கார்த்திகை மாதம் நாலைந்து இடத்தில் அதன் அடித்தண்டை இடைவெளிக்குள் விட்டுப் பார்ப்பாள். நுழையவில்லை என்றால் முதலில் குப்பையைச் சந்தேகப்பட வேண்டும், மெல்லிய பட்டியால் கிளறிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். போன மழைக்கு எல்லா இடத்திலும் நுழைந்தது, வேப்பமரத்துக்கு நேர் கீழே உள்ள மூன்று வரிசையைத் தவிர.